சரக்கு கடையில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறது? (செருப்புக் கடைக் கணக்கு, உதவி தேவை)

தெற்குவாசல் காலணி · 2025 நவம்பர் 2, காலை

தீபாவளி முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. விற்பனை போன வருடத்தைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் இன்று இரண்டு சப்ளையருக்குக் காசோலை எழுத உட்கார்ந்தால் கணக்கில் பணம் இல்லை. அப்பா காலத்துக் கடை, சின்ன ஊர், நான் எடுத்து நடத்த ஆரம்பித்து ஆறு வருடம். லாபம் இருக்கிறது என்று ஆடிட்டர் சொல்கிறார், அந்த லாபம் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

சரக்கு வாங்கியதிலிருந்து விற்க எத்தனை நாள் ஆகிறது என்று கணக்குப் போட்டால் விடை கிடைக்கும் என்று எங்கோ படித்தேன். 2024-25 கணக்கு: விற்பனை 62 லட்சம், மார்ச் 31 இருப்பு 15 லட்சம். 15-ஐ 62-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினேன், 88 நாள் வருகிறது. மூன்று மாதத்துக்கும் குறைவு. செருப்புக் கடைக்கு இது மோசமில்லையே? அப்புறம் ஏன் கை வறண்டு கிடக்கிறது?

பங்குப்பிரியன் · நவம்பர் 2

88 நாள் ஹோல்டிங் எல்லாம் ஒன்றுமே இல்லை பிரதர். காலணி கம்பெனி ஸ்டாக் எல்லாம் இரண்டு மூன்று வருடம் வைத்திருந்தால்தான் பலன். எந்தக் கம்பெனி, என்ன விலையில் வாங்கினீர்கள்?

தெற்குவாசல் காலணி · நவம்பர் 2

அண்ணே, நான் சொல்லும் ஸ்டாக் பெட்டியில் இருக்கிறது. எட்டாம் நம்பர், பிரவுன் கலர்.

பழைய பேரேடு · நவம்பர் 2, இரவு

தம்பி, முதல் தப்பு வகுத்த இடத்தில். இருப்பை வாங்கின விலையில் போட்டிருக்கிறீர்கள், விற்பனையில் உங்கள் லாபமும் கலந்திருக்கிறது. வாங்கின விலையை வாங்கின விலையோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த 62 லட்சத்துக்கு விற்ற சரக்கின் அசல் எவ்வளவு?

இரண்டாவது தப்பு மார்ச் 31. அன்றைக்கு எந்தக் கடையிலும் இருப்பு இளைத்துத்தான் இருக்கும். பள்ளிக்கூட ஷூ இன்னும் வந்திருக்காது, தீபாவளிச் சரக்கு தீர்ந்திருக்கும். வருடத்திலேயே ஒல்லியாக இருக்கும் நாளில் எடை போட்டுவிட்டு நான் குண்டு இல்லை என்கிறீர்கள். மாதக் கடைசி இருப்பு பன்னிரண்டையும் எடுத்துச் சராசரி போடுங்கள். சரக்கை ஈடாகக் காட்டி எடுக்கும் சிசி கடன் வைத்திருந்தால் மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்திருப்பீர்களே.

தெற்குவாசல் காலணி · நவம்பர் 3

அசல் 45 லட்சம். மார்ச் இருப்பையே வைத்தாலும் 122 நாள் ஆகிவிட்டது. ஸ்டேட்மென்ட் பன்னிரண்டையும் தோண்டினேன். மே மாதம் 24 லட்சம், செப்டம்பர் 26 லட்சம், பன்னிரண்டின் சராசரி 19 லட்சம். 19-ஐ 45-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 154 நாள்.

88-இல் ஆரம்பித்து ஒரே ராத்திரியில் 154. கடை அதே கடைதான்.

பழைய பேரேடு · நவம்பர் 3

ஸ்டேட்மென்டில் இருப்பது உண்மையான இருப்பா, வங்கிக்கான இருப்பா?

தெற்குவாசல் காலணி · நவம்பர் 3

மூன்று மாதம் போன மாதத்து எண்ணையே கொஞ்சம் தட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதனால் 154 என்பதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள், 150 பக்கம் என்று வைக்கலாம். இதற்கு மேல் கேட்காதீர்கள் சார்.

மூலை மளிகை · நவம்பர் 3

154 நாளா! நான் வருடத்துக்குப் பதினான்கு தடவை சரக்கைச் சுற்றுகிறேன், 26 நாள்தான். வேகமாகச் சுற்றினால் காசு தானாக வரும், லாபமெல்லாம் அப்புறம். நகராத எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளிவிடுங்கள், வேலை முடிந்தது.

தெற்குவாசல் காலணி · நவம்பர் 5

பணம் எங்கே என்ற கேள்விக்கு வந்துவிட்டேன். சப்ளையருக்குச் சராசரியாக 45 நாளில் கொடுத்துவிடுகிறேன். வாடிக்கையாளர் அன்றைக்கே யுபிஐ அல்லது ரொக்கம், கடன் கிடையாது. ஆக 154 நாளில் முதல் 45 நாள் சப்ளையர் பணம், மீதி 109 நாள் என் பணம் அல்லது வங்கிப் பணம். ஒரு நாளைக்கு நான் விற்கும் சரக்கின் அசல் சுமார் 12,330 ரூபாய் (45 லட்சத்தை 365-ஆல் வகுத்தது). 109 நாளுக்கு 13.4 லட்சம். அதுதான் பரணில் அட்டைப் பெட்டியாக அடுக்கி இருக்கிறது. சிசி வட்டி பத்தரை சதவீதம், வருடத்துக்கு 1.41 லட்சம்.

இதில் 30 நாள் குறைத்தால் வருடத்துக்கு 3.7 லட்சம் மிச்சம்! இதை நான் ஆறு வருடம் முன்னால் செய்திருந்தால் கடை மாடி கட்டியிருக்கலாம்.

பழைய பேரேடு · நவம்பர் 5

மாடியை இறக்குங்கள். 3.7 லட்சம் ஒரே ஒரு தடவைதான் வெளியே வரும். 154-லிருந்து 124-க்கு இறங்கும்போது அந்த முப்பது நாள் சரக்கு பணமாகிறது, அவ்வளவுதான். அடுத்த வருடமும் 124-இலேயே இருந்தால் புதிதாக எதுவும் வராது. வருடா வருடம் மிச்சமாவது அந்த 3.7 லட்சத்துக்கான வட்டி, சுமார் 39,000.

தெற்குவாசல் காலணி · நவம்பர் 5

சரி. மாடி ரத்து.

தெற்குவாசல் காலணி · நவம்பர் 9, ஞாயிறு

இன்று கடை அடைத்துவிட்டு இரண்டு பையன்களோடு இருப்பை எண்ணினேன். மொத்தம் 17.4 லட்சம் அசல். ஏற்றுமதி செய்த பட்டியலில் வாங்கின தேதிக்குப் பக்கத்தில் இதைப் போட்டு இழுத்தேன்:

```
=TODAY()-B2
```

மூன்று மாதத்துக்குள் வாங்கியது 7.1 லட்சம். அதற்கு மேல் ஆறு மாதம் வரை 3.9. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் 2.8. ஒரு வருடத்துக்கு மேல் 3.6 லட்சம்.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் 154 என்ற சராசரி மேல் மரியாதை போய்விட்டது. கடையில் பாதிச் சரக்கு ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஒரு வால் மட்டும் தரையில் இழுபடுகிறது. இரண்டையும் கலந்து 154 என்றால் எந்தப் பெட்டியைப் பற்றியும் அது உண்மை சொல்லவில்லை.

தெற்குவாசல் காலணி · நவம்பர் 9, இரவு

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. 3.6 லட்சத்தில் பெரும்பகுதிக்கு வாங்கின தேதி 01-04-2024 என்று ஒரே மாதிரி இருக்கிறது. அன்றைக்குத்தான் பில்லிங் சாஃப்ட்வேர் மாற்றினோம். இருந்த சரக்கெல்லாம் தொடக்க இருப்பாக ஏறி, அன்று பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது. அப்பா பெட்டி ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மாதமும் வருடமும் எழுதும் பழக்கம் உள்ளவர். அதைப் பார்த்தால் ‘8/21’, ‘10/20’ எல்லாம் இருக்கிறது. கம்ப்யூட்டரைவிட அவர் பேனா மேல்.

இன்னொன்று. மாமா கடைக்கு அனுப்பித் திரும்பி வந்த சரக்கையும் பையன் புதுக் கொள்முதலாக ஏற்றியிருக்கிறான், அதற்கும் வயது பூஜ்யத்திலிருந்து. புதுப் பெட்டியை முன்னால் அடுக்கிப் பழசைப் பின்னால் தள்ளுவது வேறு கதை. சாஃப்ட்வேர் பழசு முதலில் விற்றதாக நினைத்துக்கொள்கிறது, பையன் கைக்கு எட்டுவதை எடுக்கிறான்.

மருந்துக்கடை அக்கா · நவம்பர் 10

உங்களுக்கு எக்ஸ்பயரி என்று ஒன்று இல்லையே, அதிர்ஷ்டசாலி. எங்களுக்கு தேதி முடிந்த மாத்திரையைப் பிரித்து ரிட்டர்ன் போட்டு, அந்த கிரெடிட் நோட் வருவதற்குள் தலை நரைத்துவிடும். ஆனால் ஒன்று, தேதி அட்டையிலேயே இருப்பதால் எது கிழடு என்று தேட வேண்டியதில்லை.

தெற்குவாசல் காலணி · நவம்பர் 10

அக்கா, எங்களுக்கும் உண்டு, அட்டையில் அச்சடிப்பதில்லை, அவ்வளவுதான். நேற்று ‘10/20’ பெட்டி ஒன்றைத் திறந்தேன். பியூ எனும் பாலியூரித்தேன் சோல் வைத்த ஆண்கள் சாண்டல், ஒரு நாள்கூட யாரும் போடாதது. மேலே தோல் பளபளவென்று இருக்கிறது. கட்டைவிரலால் குதிகால் பக்கம் அழுத்தினேன், பழைய கேக் மாதிரி உதிர்ந்து பெட்டியிலேயே கொட்டியது. காற்றில் இருக்கும் ஈரம் அந்த பியூவை உள்ளுக்குள் உடைத்துக்கொண்டே இருக்குமாம், போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும். இப்படி 41 ஜோடி. ரப்பர் சோலும் ஈவிஏவும் அதே வயதில் கல் மாதிரி இருக்கின்றன, சிலதில் பசை மட்டும் விட்டிருக்கிறது.

போன வருடம் ஒருவர் வாங்கிப் போய், கல்யாண மண்டபத்தில் சோல் கழன்று திரும்பி வந்து என்னைக் கத்தியது இப்போதுதான் புரிகிறது. கம்பெனிச் சரக்கு மோசம் என்று அன்றைக்கு சப்ளையரைத் திட்டினேன். சரக்கைக் கிழடாக்கியது நான்.

பழைய பேரேடு · நவம்பர் 10

41 ஜோடியைக் குப்பையில் போடும் முன் ஆடிட்டரிடம் சொல்லுங்கள். அழிந்த சரக்கு, எழுதித் தள்ளிய சரக்கு என்றால், வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கு எடுத்த ஐடிசி கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். குறைந்த விலைக்கு விற்றால் திருப்ப வேண்டாம். உதிர்ந்ததை விற்கச் சொல்லவில்லை, உதிரும் முன் விற்றிருக்கலாம் என்கிறேன்.

மூலை மளிகை · நவம்பர் 11

நான் அன்றைக்கே சொன்னேன், பாதி விலை!

தெற்குவாசல் காலணி · நவம்பர் 16

மளிகை அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஆனால் எதைத் தள்ளுவது, அது ஏன் சேர்ந்தது என்று பார்க்காமல் தள்ளினால் அடுத்த வருடமும் அதே குவியல்தான். அதனால் ஒரே ஒரு மாடலை எடுத்து ஆறு மாலை உட்கார்ந்தேன். கோழிக்கோட்டுச் சரக்கு, ஆண்கள் செருப்பு, கடையிலேயே நன்றாக ஓடும் மாடல். அசல் 340, விற்பது வரி சேர்க்காமல் 490.

கார்ட்டனில் 12 ஜோடி வரும். 6-ஆம் நம்பர் ஒன்று, 7 மூன்று, 8 நான்கு, 9 மூன்று, 10-ஆம் நம்பர் ஒன்று. எங்கள் ஊரில் 7, 8, 9 மூன்று வாரத்தில் காலி. 6-உம் 10-உம் அப்படியே நிற்கும். எட்டு கேட்டு ஆள் வருகிறார், இல்லை என்று சொல்ல மனம் வராது, போன் போட்டு இன்னொரு கார்ட்டன் சொல்கிறேன். அதோடு இன்னொரு 6, இன்னொரு 10 வந்து இறங்கும். பதினெட்டு மாதத்தில் ஆறு கார்ட்டன், 72 ஜோடி. விற்றது 63. மீதி 9-இல் ஆறாம் நம்பர் ஐந்து, பத்தாம் நம்பர் நான்கு. வந்த ஓர நம்பர்கள் மொத்தமே பன்னிரண்டுதான், அதில் ஒன்பது இன்னும் என்னிடம்.

63 ஜோடியில் கிடைத்த லாபம் 9,450. நிற்கும் ஒன்பதின் அசல் 3,060. சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்குள். இத்தனைக்கும் இது நன்றாக ஓடும் மாடல்! நாள் கணக்குப் போட்டால் இந்த மாடல் சூப்பர் என்றுதான் காட்டும், அதை நம்பித்தான் மறுபடி மறுபடி வாங்கினேன். வேகமாக விற்க விற்க வால் நீள்கிறது. இதை எழுதும்போதே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆறு வருடமாகக் கண் முன்னால் நடந்தது.

பெரியகடை வீதி · நவம்பர் 17

நாற்பது வருடமாகச் செருப்புதான். பத்தாம் நம்பர் நிற்கிறது என்று வாங்காமல் விட்டீர்கள் என்றால், பத்தாம் நம்பர் காலுக்காரர் குடும்பத்தோடு வேறு கடைக்குப் போவார். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அங்கேயே எடுப்பார். நாலு ஜோடி பெட்டியில் தூங்கினால் தூங்கட்டும், அது கடையின் மரியாதை.

தெற்குவாசல் காலணி · நவம்பர் 17

அப்பாவும் அப்படியே வார்த்தை மாறாமல் சொல்கிறார். நீங்கள் அவரா?

பத்தாம் நம்பரே வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. ஒரு மாடலில் நாலு எதற்கு, நாலு மாடலில் ஒன்றொன்று போதாதா என்றுதான் கேட்கிறேன். ஆனால் அவர் அந்த மாடலைத்தான் கேட்பார் என்று நீங்கள் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களை யாரும் எழுதி வைப்பதில்லையே.

பழைய பேரேடு · நவம்பர் 18

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். உங்கள் சிசி லிமிட் எவ்வளவு? சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு?

தெற்குவாசல் காலணி · நவம்பர் 18

லிமிட் 10 லட்சம். கொடுக்க வேண்டியது 4.2.

பழைய பேரேடு · நவம்பர் 18

17.4-இல் 4.2 கழித்தால் 13.2. அதில் கால் பங்கு உங்கள் மார்ஜின், மீதி 9.9 லட்சம் சிசியில் எடுக்கலாம். இது மொத்த இருப்பையும் வங்கி ஏற்றுக்கொண்டால். நான் இருபது வருடம் ஸ்டேட்மென்ட் தயாரித்துக் கொடுத்தவன். பல வங்கிகள் பழைய சரக்கை ஒதுக்கிவிடும், சிலது 90 நாள் என்கும், சிலது 180. உங்கள் சாங்ஷன் கடிதத்தில் எழுதியிருக்கும், படியுங்கள். 180 என்று வைத்தால் உங்களிடம் 6.4 லட்சம் கழியும். மீதி 11, அதில் கடன் 4.2 போனால் 6.8, முக்கால் பங்கு 5.1 லட்சம். ஆடிட் வரும் நாளில் 9.9 என்று நினைத்த இடத்தில் 5.1 நிற்கும்.

சப்ளையர் பணத்தில் ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். அரசின் உத்யம் சிறுதொழில் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளர் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுக்க 45 நாள்தான், இல்லையென்றால் 15. தாண்டி, வருடக் கடைசியில் பாக்கி நின்றால், வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவில் அந்த வருடம் அதைச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான். அவர் வெறும் மொத்த வியாபாரி என்றால் இந்தப் பிரிவு வராது. முன்னெல்லாம் 90 நாள், 120 நாள் இழுத்து மெதுவாக ஓடும் சரக்கை அவர்கள் தலையில் வைத்தோம். இப்போது அது உங்கள் தலையில்.

தெற்குவாசல் காலணி · நவம்பர் 23

கடிதத்தில் 180 நாள் என்றுதான் இருக்கிறது. நான்காவது பக்கம், சின்ன எழுத்து. கையெழுத்து என்னுடையது.

ஜிஎஸ்டியிலும் கிழட்டுச் சரக்கு ஒரு வேலை செய்திருக்கிறது. செப்டம்பர் 22-க்கு முன் இந்தச் செருப்புக்கு 12 சதவீதம், இப்போது 5. பழசை வாங்கும்போது ஜோடிக்கு 40.80 வரி கட்டினேன், இப்போது விற்றால் வசூலாவது 24.50. மீதி 16.30 கிரெடிட் லெட்ஜரில் நிற்கிறது. ரீஃபண்டாகவும் வராது. புதுச் சரக்கில் ஜோடிக்கு 7.50 தான் கட்ட வேண்டி வருகிறது, ஆக ஒரு பழைய ஜோடியின் மிச்சம் தீர இரண்டு புது ஜோடிக்கு மேல் விற்க வேண்டும். நஷ்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதுவும் வெளியே வராத பணம்தான். ஆகஸ்டிலேயே விற்றுப் போயிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மருந்துக்கடை அக்கா · நவம்பர் 23

எங்களுக்கும் இதே கதை தம்பி. பழைய எம்ஆர்பி, புது எம்ஆர்பி என்று கவுன்ட்டரில் தினமும் பஞ்சாயத்து.

தெற்குவாசல் காலணி · டிசம்பர் 7

செய்தது: கோழிக்கோட்டு சப்ளையரிடம் கார்ட்டன் வேண்டாம், 7, 8, 9 மட்டும் உதிரியாகக் கொடுங்கள் என்றேன். முதலில் முடியாது என்றார், அப்புறம் ஜோடிக்கு 15 ரூபாய் கூட என்றார். அறுபது ஜோடிக்கு 900. ஐந்து கார்ட்டனாக வாங்கினால் ஏழெட்டு ஓர ஜோடி நிற்கும், அதை 200-க்குத் தள்ளினால் ஆயிரம் ரூபாய் போகும். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் 900 இன்றைக்குத் தெரிந்து போகிறது, அந்த ஆயிரம் இரண்டு வருடம் இடத்தை அடைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கைக் குறைத்துவிட்டு, அப்புறம் போகிறது. அதனால் ஒப்புக்கொண்டேன். எல்லா மாடலுக்கும் இது சரிப்படுமா என்று தெரியவில்லை. ஆக்ரா ஷூக்காரர் உதிரி என்றதும் போனையே வைத்துவிட்டார்.

ஓர நம்பர்களை மட்டும் வாசலில் ஒரு மேஜையில் போட்டு ‘6, 10, 11 மட்டும்’ என்று அட்டை வைத்தேன். பதினைந்து நாளில் 38 ஜோடி போனது. பாதிக்கு மேல் அசலுக்குக் கீழே. அந்தப் பணம் அப்படியே சப்ளையர் காசோலைக்குப் போனது.

மூலை மளிகை · டிசம்பர் 8

பள்ளிக்கூட ஷூ மிச்சத்தையும் அந்த மேஜையில் போட வேண்டியதுதானே.

தெற்குவாசல் காலணி · டிசம்பர் 8

அதைத் தொடவில்லை அண்ணே. கறுப்பு ஷூ ஜூலையில் நின்றால் ஜூன் வரை பதினோரு மாதம் நிற்கும், பட்டியலில் சிவப்பாகத்தான் தெரியும். ஆனால் மாடல் மாறாது, சோல் பிவிசி, உதிராது, ஜூனில் முழு விலைக்குப் போகும். வயதை மட்டும் பார்த்து இதை 200-க்குத் தள்ளினால் மே மாதம் அதையே 380-க்கு வாங்க வேண்டும். ஏப்ரலில் வாங்கும்போது இந்த மிச்சத்தைக் கழித்துவிட்டு வாங்க வேண்டும், அதைத்தான் இதுவரை செய்ததில்லை.

பெரியகடை வீதி · டிசம்பர் 9

11-ஆம் நம்பர் லெதர் சாண்டல் மேஜையில் இருக்கிறதா? என் பெரிய பையனுக்கு.

தெற்குவாசல் காலணி · 2026 ஜனவரி 11

பொங்கல் நெருக்கத்தில் சுருக்கமாக. டிசம்பர் கடைசி இருப்பு 15.9 லட்சம், இந்தத் தடவை உண்மையிலேயே எண்ணியது. குறைந்ததாகத் தெரிகிறது, ஆனால் போன டிசம்பர் எண் தட்டிக் கொடுத்த மூன்றில் ஒன்று, அதனால் எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. ஒரு வருடம் ஒழுங்காக எண்ணினால்தான் இனி பேச முடியும்.

வயதான பெட்டிகள் 3.6-லிருந்து 2.9-க்கு வந்தன. 2.7 வந்திருக்க வேண்டும். நேற்று பரணில் ஏறினால் மேஜையிலிருந்து காணாமல் போன பத்தாம் நம்பர் பெட்டிகள் பதினான்கும் அங்கே வரிசையாக இருக்கின்றன, எல்லாவற்றின் ஓரத்திலும் புதிதாக ஸ்கெட்ச் பேனாவில் ‘1/26’.